வாடகைப் பேச்சு முடிந்ததும் கையெழுத்தாகும் குறிப்பு

வாடகை உயர்வு பற்றி வீட்டுக்காரரும் குடியிருப்போரும் கூடிப் பேசினால், பெரும்பாலும் சுமுகமாகவே கலைகிறார்கள். சண்டை வருவது மூன்று மாதம் கழித்துத்தான். “மாடி ஒழுகலைச் சரிசெய்து தருகிறேன் என்றுதானே சொன்னீர்கள்?” என்று இவர்கள் கேட்பார்கள். “வாடகையை ஏற்றிக் கொடுத்த பிறகு என்றுதானே சொன்னேன்?” என்பார் அவர். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. எது முதலில் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். சென்னையில் ஒரே உரிமையாளருக்குச் சொந்தமான கட்டடம், அதில் ஆறு குடித்தனங்கள். வீட்டுக்கு 8,000 ரூபாய் வாடகை. உரிமையாளர் 10,000 கேட்கிறார். மேல்தளத்து இரண்டு வீடுகளில் கூரை ஒழுகுகிறது, வயரிங் பழையது, சில குழாய்கள் சொட்டுகின்றன. பேசிப் பேசி 8,800 ரூபாய்க்கு வந்து நிற்கிறார்கள். கூட்டக் குறிப்பில், “வாடகை உயர்த்த ஒப்புக்கொள்ளப்பட்டது. பழுதுகள் விரைவில் சரிசெய்யப்படும்” என்று எழுதினால் அது எதற்கும் உதவாது. எந்த மாத வாடகையிலிருந்து உயர்வு? எந்தப் பழுது? விரைவில் என்றால் என்றைக்குள்?

அதையே இப்படி எழுதலாம்: “மேல்தளத்தின் இரண்டு வீடுகளுக்கும் மேலுள்ள மொட்டைமாடித் தளத்தை உரிமையாளர் தம் செலவில் ஜூலை 31-க்குள் ஒழுகாதபடி சீர்செய்து தருவார். வேலை முடிந்ததை அவ்வீடுகளில் குடியிருப்போர் பார்த்து எழுத்தில் ஒப்புக்கொள்வார்கள். அதற்கு அடுத்த மாதம் முதல் ஆறு வீடுகளுக்கும் மாத வாடகை 8,800 ரூபாய்.” வேலை தள்ளிப் போனால் உயர்வும் தானாகவே தள்ளிப் போகும். இந்த இணைப்பு எழுத்தில் இருந்தால், பிறகு ஒருவரையொருவர் நினைவுபடுத்திச் சண்டையிட வேண்டியதில்லை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், 2017-இல் இயற்றப்பட்டது, பழுதுபார்ப்பைப் பட்டியலிட்டே பிரித்திருக்கிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பது, தேவைப்பட்டால் குழாய்களையும் மின்வயர்களையும் மாற்றுவது ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாயின் வாஷர், சுவிட்ச், பூட்டு, அடைத்துக்கொண்ட சாக்கடை போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. ஆகவே ஒழுகும் கூரையைச் சரிசெய்வது உரிமையாளர் செய்யும் சலுகை அல்ல, வாடகை ஏறாவிட்டாலும் அவர் செய்தாக வேண்டியதே. குறிப்பிலும் “வாடகை உயர்வுக்கு ஈடாக” என்று எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எழுதினால், கடமை பேரப் பொருளாகிவிடும். நாம் மேலே எழுதியது உயர்வு தொடங்கும் நாளை மட்டுமே வேலையோடு கட்டுகிறது. புதிதாக ஒரு அறை எடுப்பது போன்ற மேம்பாடு வேறு கதை. அதற்காக வாடகையைக் கூட்டுவதென்றால் வேலை தொடங்கும் முன்பே தொகையைப் பேசி எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒத்துப் போகாததையும் குறிப்பில் எழுத வேண்டும். மோட்டார் மின்கட்டணத்தை எப்படிப் பங்கிடுவது என்பதில் முடிவு வரவில்லையா? “இதில் உடன்பாடு எட்டப்படவில்லை, இப்போதைய முறையே தொடரும்” என்று ஒரு வரி போதும். இல்லையென்றால், கையெழுத்திட்டவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாகப் பிற்பாடு வாதிட இடம் கிடைத்துவிடும்.

கையெழுத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சங்கத் தலைவர் ஒருவர் கையெழுத்திட்டால் ஆறு வீட்டையும் கட்டுப்படுத்திவிடாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி வாடகை ஒப்பந்தம் இருக்கிறது, எனவே ஒவ்வொருவரும் வீட்டு எண்ணோடு கையெழுத்திட வேண்டும். வராதவர் பெயரையும் குறிக்க வேண்டும். உரிமையாளருக்குப் பதில் அவர் மகனோ தம்பியோ வந்தால், அவருக்குப் பேசி முடிக்க அதிகாரம் தந்த கடிதத்தைக் கேட்டு வாங்கி இணைப்பது நல்லது. அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்திலேயே இரு தரப்பும் சுருக்கொப்பமிட வேண்டும்.

இந்தக் குறிப்பு, பேசியதற்குச் சான்றுதான். வாடகை ஒப்பந்தத்தின் இடத்தை அது பிடிக்காது. அந்தச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். எனவே புதிய தொகையையும் தொடங்கும் தேதியையும் ஒவ்வொருவரும் தம் ஒப்பந்தத்திலும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறிப்பை அன்றே எல்லார் முன்பும் உரக்கப் படித்துக் கையெழுத்திட்டு, உங்களுக்கான ஒரு பிரதியை வாங்கிக்கொண்டே வீடு திரும்புங்கள்.