ஒரே ஆள், இரண்டு பதிவு: தரவுத்தளத்தில் பொதுவும் சிறப்பும்

கவிதா ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் என்று வைத்துக்கொள்வோம். அதே கல்லூரியில் பகுதிநேரமாக பிஎச்.டி.யும் செய்கிறார். சம்பளப் பிரிவின் கணினியில் அவர் பணியாளர், தேர்வுப் பிரிவின் கணினியில் மாணவர். கைப்பேசி எண் மாறியதும் சம்பளப் பிரிவில் சொல்லித் திருத்திவிட்டார். ஆனால் வைவா தேதி பற்றிய குறுஞ்செய்தி பழைய எண்ணுக்கே போனது. தேர்வுப் பிரிவில் இருந்த இன்னொரு கவிதாவை யாரும் திருத்தவில்லை.

இதில் ஊழியர் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஒரே ஆளை இரண்டு ஆளாக எழுத இடம் கொடுத்த அட்டவணை அமைப்பில்தான் பிழை இருக்கிறது. அந்த அமைப்பை வகுப்பதற்கு முன்பு வரையும் படம்தான் ஈ.ஆர். வரைபடம். பீட்டர் சென் 1976இல் முன்வைத்த முறை இது. எதைப் பற்றித் தகவல் வைக்கிறோம், அவற்றுக்குள் என்ன உறவு என்பதை அது காட்டும். ஆனால் ‘மாணவரும் ஓர் ஆள்தான், பணியாளரும் ஓர் ஆள்தான்’ என்று சொல்ல அந்த முதல் வடிவத்தில் தனி வழி இல்லை. பின்னால் வந்த விரிவாக்கப்பட்ட ஈ.ஆர். முறை அதைச் சேர்த்தது.

ஒரு பொது வகையில் தொடங்கி, அதற்குள் சிறப்பு வகைகளைப் பிரித்துக்கொண்டு போனால் அது சிறப்பாக்கம். தனித்தனியாக இருக்கும் வகைகளைப் பார்த்து, ‘பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண் எல்லாம் இரண்டுக்கும் பொதுவாக இருக்கிறதே’ என்று மேலே ஒரு பொது வகையை உருவாக்கினால் அது பொதுமையாக்கம். நம் கல்லூரிக்கு வேண்டியது இரண்டாவது. ‘ஆள்’ என்ற மேல் வகையில் பொதுத் தகவல்கள் இருக்கும். கீழே ‘மாணவர்’ வகையில் பதிவெண்ணும் படிப்பும், ‘பணியாளர்’ வகையில் பதவியும் சம்பளமும் இருக்கும்.

படத்தை வரைந்த கையோடு இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். ஒரே ஆள் இரண்டு கீழ் வகையிலும் இருக்கலாமா? இருக்கலாம் என்றால் வரைபடத்தின் வட்டத்துக்குள் `o` என்று எழுதுவார்கள், கூடாது என்றால் `d`. அடுத்தது, எல்லா ஆளும் ஏதாவது ஒரு கீழ் வகையில் இருந்தே ஆக வேண்டுமா? ஆம் என்றால் மேல் வகையிலிருந்து வட்டத்துக்கு இரட்டைக் கோடு, இல்லை என்றால் ஒற்றைக் கோடு. கவிதா இருப்பதால் நம் கல்லூரிக்கு `o`. நூலக அட்டை வைத்திருக்கும் பழைய மாணவர்கள் இப்போது மாணவரும் இல்லை, பணியாளரும் இல்லை. அதனால் ஒற்றைக் கோடு.

இனி அட்டவணைகளுக்கு வருவோம். நம் கணக்குக்கு மாணவர் 4,000 பேர், பணியாளர் 300 பேர், இரண்டுமாக இருப்பவர்கள் 40 பேர் என்று கொள்வோம். பழைய மாணவர்களை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டால் கல்லூரியில் உள்ள ஆட்கள் 4,260 பேர்.

முதலில் தோன்றும் வழி, மாணவருக்கு ஒன்று, பணியாளருக்கு ஒன்று என இரண்டே அட்டவணைகள் வைத்து, பொதுத் தகவல்களை இரண்டிலும் எழுதுவது. வரிசைகளை எண்ணினால் 4,300 வரும். ஆட்களைவிடக் கூடுதலாக 40. அந்த நாற்பதும் இரண்டு இடத்தில் எழுதப்பட்டவர்கள், நாளைக்கு எண் மாறும்போது முரண்படப்போகிறவர்கள். பழைய மாணவர்களை எழுதவோ இடமே இல்லை. நூலகத்துக்கு வந்தால் இன்னொரு சிக்கல். புத்தகம் எடுத்தவர் யார் என்பதைக் குறிக்கும் ஃபாரின் கீ ஓர் அட்டவணையைத்தான் சுட்ட முடியும். மாணவரைச் சுட்டினால் ஆசிரியர் புத்தகம் எடுக்க முடியாது. எண்ணை வெறுமனே எழுதி, பக்கத்தில் ‘மாணவர்’, ‘பணியாளர்’ என்று குறித்துச் சமாளிப்பவர்கள் உண்டு. அந்த எண்ணில் உண்மையிலேயே ஆள் இருக்கிறாரா என்று தரவுத்தளம் அப்போது சரிபார்க்காது. ஒருவரும் இரண்டில் இருக்கக் கூடாது, எல்லாரும் ஒன்றில் இருந்தே ஆக வேண்டும் என்ற நிலையில் மட்டுமே இந்த வழி பொருந்தும்.

இரண்டாவது வழி, எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போடுவது. யார் எந்த வகை என்று காட்ட ஒரு நெடுவரிசை சேர்ப்பார்கள். ஒருவர் இரண்டாகவும் இருக்கலாம் என்றால் வகைக்கு ஒன்றாக ஆம்/இல்லை நெடுவரிசைகள் வேண்டும். நூலகச் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் சம்பள நெடுவரிசை 3,960 வரிசைகளிலும் பதிவெண் 260 வரிசைகளிலும் காலியாக இருக்கும். இடம் வீணாவதுகூடப் பெரிதில்லை. சம்பளத்துக்கு `NOT NULL` போட முடியாது என்பதுதான் தொல்லை. போட்டால் மாணவராக மட்டும் இருப்பவரைச் சேர்க்க முடியாது, விட்டால் சம்பளமே இல்லாத பணியாளரும் உள்ளே வந்துவிடுவார். அதைத் தடுக்க ஒவ்வொரு விதியையும் தனியாக எழுத வேண்டும்:

```sql
CHECK (NOT is_staff OR salary IS NOT NULL)
```

கீழ் வகைகளுக்கென்று ஓரிரு நெடுவரிசைகளே இருந்தால் இது சுலபமான வழி. வகைக்குப் பத்து, இருபது என்று பெருகினால் விதிகளும் காலி இடங்களும் சேர்ந்தே பெருகும்.

மூன்றாவது வழி வரைபடத்தை அப்படியே பின்பற்றுகிறது. மேல் வகைக்கு ஓர் அட்டவணை, கீழ் வகை ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டவணை. கீழ் அட்டவணையின் பிரைமரி கீ, மேல் அட்டவணையைச் சுட்டும் ஃபாரின் கீயாகவும் இருக்கும்.

```sql
CREATE TABLE person (
  person_id INT PRIMARY KEY,
  name VARCHAR(80) NOT NULL,
  phone VARCHAR(15)
);
CREATE TABLE staff (
  person_id INT PRIMARY KEY,
  salary DECIMAL(10,2) NOT NULL,
  FOREIGN KEY (person_id) REFERENCES person(person_id)
);
```

`student` அட்டவணையும் இதே மாதிரிதான். கவிதாவுக்கு மூன்றிலும் ஒவ்வொரு வரிசை, மூன்றிலும் ஒரே `person_id`. கைப்பேசி எண் இருப்பதோ `person` அட்டவணையில் மட்டும். நூலகம் `person` அட்டவணையைச் சுட்டினால் போதும். பழைய மாணவர்களும் அங்கேயே இருப்பார்கள்.

இதற்கும் விலை உண்டு. ஒரு பணியாளரின் பெயரையும் சம்பளத்தையும் சேர்த்துப் பார்க்க இரண்டு அட்டவணைகளை இணைத்தாக வேண்டும். புதிதாக ஒருவரைச் சேர்க்கும்போது இரண்டு இடத்தில் எழுத வேண்டியிருப்பதால் அதை ஒரே டிரான்ஸாக்ஷனில் செய்வது அவசியம். பாதியில் நின்றுபோனால் ‘ஆள்’ மட்டும் பதிவாகி, ‘பணியாளர்’ விடுபட்டுப்போகும்.

வரைபடத்தின் `d`யும் இரட்டைக் கோடும் இந்த அட்டவணைகளுக்குள் தாமாக வந்துவிடுவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒருவர் ஒரே வகையில்தான் இருக்க வேண்டும் என்பது விதியானால், `person` அட்டவணையில் வகையைக் குறிக்கும் நெடுவரிசை சேர்த்து, எண்ணையும் வகையையும் இணைத்து `UNIQUE` ஆக்க வேண்டும். கீழ் அட்டவணையிலும் அதே வகை நெடுவரிசையை வைத்து, அங்கே தன் வகையைத் தவிர வேறு எதையும் ஏற்காதபடி `NOT NULL`, `CHECK` இரண்டும் போட்டு, இரண்டு நெடுவரிசைகளையும் சேர்த்து ஃபாரின் கீ ஆக்கினால், பணியாளர் என்று குறிக்கப்பட்டவர் மாணவர் அட்டவணைக்குள் நுழைய முடியாது. இரட்டைக் கோட்டுக்கு இவ்வளவு எளிய வழி இல்லை. டிரிக்கர் எழுத வேண்டும், அல்லது எந்தக் கீழ் அட்டவணையிலும் இல்லாத ஆட்களைத் தேடும் வினவலை அவ்வப்போது ஓட்டிப் பார்க்க வேண்டும். அதில் ஒரு பெயர் வந்தாலும் எங்கோ பதிவு பாதியில் நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

கீழ் வகைகளில் ஆட்கள் கலந்திருந்தால் மூன்றாவது வழியே பாதுகாப்பானது. தனித் தகவல்கள் மிகக் குறைவென்றால் ஒரே அட்டவணை போதும். தனித்தனி அட்டவணைகளை, ஒருவரும் இரண்டில் வரமாட்டார் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் தேர்ந்தெடுங்கள். அந்த உறுதியைத் தர வேண்டியவர் நிரல் எழுதுபவர் அல்ல, அலுவலகத்தின் நடைமுறை தெரிந்தவர். முதல் `CREATE TABLE` எழுதுவதற்கு முன் அந்த இரண்டு கேள்விகளையும் அவரிடம் கேட்டு, விடையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.