நீலப் பசை பிடித்த போல்ட்டைக் கழற்றுவது

பைக்கின் முன்சக்கரத்தில் பிரேக் டிஸ்க்கைப் பிடித்து நிறுத்துவது நான்கிலிருந்து ஆறு போல்ட்டுகள்தான். பல வண்டிகளில் அவை 8 மி.மீ. தடிமன் உள்ள, தலை குட்டையான ஆலன் போல்ட்டுகளாக இருக்கும். தேய்ந்த டிஸ்க்கை மாற்ற உட்காருகிறவர் ஆலன் கீயைச் செருகித் திருப்புவார், போல்ட் அசையாது. பலத்தைக் கூட்டினால் கீ சறுக்கும். அடுத்த முறை பார்க்கும்போது ஆறுமுகக் குழி பாதி வட்டமாகியிருக்கும். துரு பிடித்துவிட்டது என்று நினைத்து எண்ணெய் தெளிப்பவர்கள் உண்டு. ஆனால் இந்த இடத்தில் பெரும்பாலும் பிடித்திருப்பது துரு அல்ல, கம்பெனியிலேயே மரையில் தடவி அனுப்பிய நீலப் பசை. ஒர்க்‌ஷாப்பில் எந்தக் கம்பெனி பாட்டிலாக இருந்தாலும் அதற்கு லாக்டைட் என்றே பெயர்.

இந்தப் பசையின் குணம் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரிலுள்ள டிரினிட்டி கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வெர்னான் கிரீபிள் 1953-ல் இதை உருவாக்கினார். காற்று பட்டுக்கொண்டிருக்கும்வரை இது திரவமாகவே இருக்கும். காற்று போக முடியாத இடுக்கில், இரும்பு அல்லது செம்பு போன்ற உலோகத்தைத் தொட்டபடி அடைபட்டால் இறுகி பிளாஸ்டிக் ஆகிவிடும். அதனால்தான் இந்தப் பாட்டிலை முழுக்க நிரப்பாமல் காற்றுக்கு இடம் விட்டு விற்கிறார்கள். போல்ட்டை முறுக்கியதும் மரைகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளியில் மாட்டிக்கொள்ளும் துளி அங்கேயே கெட்டியாகிறது. வெளியே வழிந்தது மட்டும் ஈரமாகவே நிற்கும். எண்ணெய் தெளித்துப் பயனில்லாததற்குக் காரணம் இதுதான். பிளாஸ்டிக் அடைத்துக்கொண்ட இடுக்கில் எண்ணெய் நுழைய வழியே இல்லை.

பிளாஸ்டிக்குக்குச் சூடு ஆகாது. சாதாரண நீல ரகங்கள் சுமார் 150 டிகிரி செல்சியஸ் வரையில்தான் வேலை செய்யும் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள், சில புதிய ரகங்களுக்கு 180 டிகிரி. அந்த அளவை நெருங்கும்போதே பிடி தளர ஆரம்பிக்கும், தாண்டினால் வேகமாகத் தளரும். நீலம் நடுத்தரப் பிடி உள்ள ரகம், கைக்கருவியாலேயே கழற்றலாம் என்பதுதான் அதன் நோக்கம். சிவப்பு ரகங்கள் பலவற்றுக்கு 250 டிகிரி வரை சூடாக்கச் சொல்வார்கள். அப்படியானால் நீலத்துக்குச் சூடு எதற்கு? பெரிய அறுகோணத் தலை உள்ள போல்ட்டாக இருந்தால் தேவையே இல்லை, நல்ல சாக்கெட்டும் நீளமான கைப்பிடியும் போதும். டிஸ்க் போல்ட்டில் சிக்கல் வேறு. தலை குட்டை என்பதால் உள்ளே இருக்கும் குழியும் ஆழமில்லாதது. அது தாங்கும் முறுக்கு குறைவு. பசையும் தலைக்கடியில் உள்ள உராய்வும் சேர்ந்து எதிர்க்கும்போது மரை விடுவதற்கு முன் குழி தோற்றுவிடுகிறது. பசையின் பங்கைச் சூட்டால் குறைத்துவிட்டால் குழி தாங்கும்.

சூட்டை எங்கே கொடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். பர்னர் சுடரைக் கொண்டு வரவே கூடாது. டிஸ்க் வளையலாம், பெயின்ட் கருகும். சக்கர நடுவில் உள்ள பேரிங்கின் ரப்பர் சீல் 100 டிகிரியைத் தாண்டினாலே கெட ஆரம்பித்துவிடும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் பக்கத்திலேயே சென்சாரும் அதன் ஒயரும் இருக்கும். ஹாட் ஏர் கன் பரவாயில்லை, ஆனால் அதன் காற்றும் பரவும். இதற்கு மிகப் பொருத்தமானது தடித்த முனை உள்ள 60 முதல் 100 வாட் சால்டரிங் அயர்ன். முனை குழிக்குள் உட்கார்ந்தால் சூடு நேராக போல்ட்டின் உடலுக்குள் இறங்கும். ரேடியோ ரிப்பேர் செய்யும் 25 வாட் அயர்ன் இங்கே போதாது, சக்கர நடுவின் அலுமினியம் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

முதலில் சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க் மேலே வரும்படி பழைய டயரின் மீது படுக்க வையுங்கள். ஊசி முனையால் குழிக்குள் இருக்கும் மண்ணையும் பிரேக் தூளையும் சுத்தமாகக் கிளறி எடுங்கள். ஒரு மி.மீ. மண் அடியில் இருந்தாலே கீ முழுசாக இறங்காது. பிரேக் கிளீனர் தெளித்திருந்தால் அது முற்றிலும் உலர்ந்த பிறகே சூட்டைத் தொடுங்கள். சில கிளீனர்கள் தீப்பிடிக்கும், குளோரின் கலந்தவை சூட்டில் நச்சு வாயுவாக மாறும். அயர்ன் நன்றாகச் சூடானதும் முனையில் கொஞ்சம் ஈயம் உருக்கி, குழிக்குள் வைத்து அழுத்தியபடி மூன்று நான்கு நிமிடம் பிடியுங்கள். ஈயம் உருகி இடைவெளியை நிரப்புவதால் சூடு சீக்கிரம் இறங்கும்.

போதுமா என்று அறிய ஒரு சொட்டுத் தண்ணீரைத் தலையில் விடலாம். அது உடனே சுர்ரென்று ஆவியானால் தலை 100 டிகிரியை நன்றாகத் தாண்டிவிட்டது. ஆனால் மரை அதைவிடக் குளிர்ந்தே இருக்கும், இன்னும் ஒரு நிமிடம் கொடுங்கள். பளபளக்கும் இரும்பின் மேல் லேசர் தெர்மாமீட்டரைக் காட்டினால் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும், அதை நம்ப வேண்டாம். காரமான பிளாஸ்டிக் வாடை வருவது நல்ல அடையாளம், ஆனால் அதை மூச்சில் இழுக்காதபடி கதவைத் திறந்து வையுங்கள். அதே நேரத்தில் பேரிங் பக்கம் கையை வைத்துப் பாருங்கள். கை தாங்கவில்லை என்றால் நிறுத்தி, ஆறவிட்டுத் தொடரலாம்.

குழியில் ஈயம் ஒட்டியிருந்தால் உருகியிருக்கும்போதே ஊசியால் தட்டிவிட்டு, சூடு ஆறுவதற்குள் திருப்ப வேண்டும். ஆறினால் பிடி பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். அதனால் கருவியைப் பக்கத்திலேயே தயாராக வைத்திருங்கள். உருண்டை முனை கொண்ட ஆலன் கீ இங்கே ஆகாது. அது குழியின் சுவரை ஒரு கோட்டில் மட்டும் தொடும். விளிம்பு தேயாத, நேர்முனை உள்ள 5 மி.மீ. பிட் சாக்கெட்டை எடுங்கள். அளவு வண்டிக்கு வண்டி மாறலாம் என்பதால் பிட்டைச் செருகி ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கவே கூடாது. சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி அடிவரை இறக்குங்கள். ஒரு கையால் கீழ்நோக்கி நன்றாக அழுத்திக்கொண்டு மறு கையால் இடப்பக்கம் ஒரே சீராகத் திருப்புங்கள்.

விடும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகும் போல்ட் சுலபமாகச் சுழலாது. நொறுங்கிய பசை மரைக்குள் சிக்கியிருப்பதால் கடைசி மரை வரை ஒரே மாதிரி இறுக்கமாகவே வரும், பயப்பட வேண்டாம். வெளியே வந்த மரையில் வெளிறிய நீலத் தூள் இருந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது. மாறாக போல்ட் ரப்பர் போல முறுகி, விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பினால் நிறுத்துங்கள். அது உடையப் போகிறது. அலுமினியத்துக்கும் இரும்புக்கும் நடுவே அரிப்பு ஏறியிருக்கலாம். மறுபடி சூடாக்கி, முன்னும் பின்னுமாகக் கால் சுற்று ஆட்டிக் கொண்டுவர வேண்டும்.

குழி ஏற்கெனவே வட்டமாகிவிட்டிருந்தால், கொஞ்சம் பெரிய நட்சத்திர பிட் ஒன்றை அடித்து இறக்கிப் பார்க்கலாம். 5 மி.மீ. குழிக்கு டி30 பெரும்பாலும் இறுக்கமாக உட்காரும். அதுவும் சறுக்கினால் தலையை மட்டும் 8 மி.மீ. டிரில்லால் வெட்டி எடுப்பதே வழி. கேட்கப் பயமாக இருந்தாலும் உண்மையில் இது நிம்மதியான முறை. தலை போனதும் டிஸ்க் கழன்றுவிடும், போல்ட்டின் மேல் இருந்த இழுவிசையும் தலைக்கடி உராய்வும் போய்விடும். மிச்சம் பசைதான். நீட்டிக்கொண்டிருக்கும் தண்டைத் திரும்பச் சூடாக்கி, வைஸ் கிரிப்பால் பிடித்துத் திருப்பினால் பெரும்பாலும் எளிதாக வந்துவிடும்.

மரைத் துளையில் இருக்கும் பழைய தூளை முழுவதும் சுத்தம் செய்த பிறகே புதிய போல்ட் போட வேண்டும். எண்ணெய்ப் பசை இல்லாத மரையில் ஒரு சொட்டு நீலம், மேனுவலில் சொன்ன முறுக்கு, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குதல், பிறகு 24 மணி நேரம் இறுகவிடுதல். அதுவரை வண்டியை ஓட்டாதீர்கள்.