மலைவாழைப்பழம் சாப்பிட்டால் போதாதா?

நர்சிங் மாணவிகளிடம் பேசப் போயிருந்தேன். தலைப்பு: 'ஃப்ரூசமைடு' மாத்திரை. கால் வீக்கம், மூச்சிரைப்பு என்று போகிற பலருக்கும் எழுதித் தருகிற, சிறுநீரை நிறையப் போகவைக்கும் மாத்திரைதான். பேச்சின் நடுவில் பாச்சலூர்ப் பெண் ஒருத்தி எழுந்து, "டாக்டர், பொட்டாசியம் குறையும்னா மலைவாழைப்பழம் கொடுத்தாப் போதாதா? ரத்தம் எதுக்கு எடுக்கணும்?" என்றாள். நல்ல கேள்வி!

"உங்க ஊருக்கு ஏறுற பாதையில கொண்டை ஊசி வளைவு பார்த்திருக்கியே, சிறுநீரகத்தின் நுண்குழாயிலும் அப்படி ஒரு வளைவு உண்டு" என்று ஆரம்பித்தேன். வடிகட்டிய உப்பில் ஒரு பெரும் பங்கை உடம்பு அங்கேதான் திரும்ப எடுத்துக்கொள்கிறது. சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றும் ஒரே வாசல் வழியாக உள்ளே வரும். மாத்திரை அந்த வாசலை அடைத்துவிடுகிறது. உப்பு கீழே போக, தண்ணீரும் கூடவே போகிறது. வீக்கம் வடிகிறது.

கதை அங்கே முடியவில்லை. குழாயின் கடைசிப் பகுதி, தப்பி வந்த சோடியத்தைக் காப்பாற்றப் பார்க்கிறது. சோடியத்தை உள்ளே இழுக்க இழுக்க, பொட்டாசியம் வெளியே தள்ளப்படுகிறது. உடம்பில் நீர் குறைந்ததும் சுரக்கும் 'ஆல்டோஸ்டீரோன்' இதை இன்னும் முடுக்கிவிடும்.

ஒரு உதாரணம். அறுபது வயது அம்மா, இதய பலவீனம். தினம் காலையில் 40 மில்லிகிராம் ஃப்ரூசமைடு, கூடவே 'டிகாக்ஸின்'. ஒரு வாரத்தில் வீக்கம் போய்விட்டது. பிறகு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. அதிலும் பொட்டாசியம் போகும். கால் துவள்கிறது, மலச்சிக்கல், கெண்டைச்சதை இழுக்கிறது. வீட்டில் 'வயசு, அசதி' என்று விட்டுவிடுவார்கள். ரத்தத்தில் பார்த்தால் லிட்டருக்கு 2.9 மில்லிஈக்விவலன்ட். இருக்கவேண்டியது 3.5 முதல் 5 வரை. சிலருக்கு இந்த அறிகுறிகூட இருக்காது. முதலில் தடுமாறுவது இதயத்துடிப்பாகவே இருக்கலாம். பொட்டாசியம் குறைந்தால் டிகாக்ஸின் வழக்கமான அளவிலேயே விஷமாகும்.

இப்போது வாழைப்பழக் கணக்கு. இந்த அளவு குறைந்திருந்தால் உடம்பு முழுவதும் சேர்த்து இருநூறுக்கு மேல் இழந்திருக்கும். ஒரு நடுத்தரப் பழத்தில் இருப்பது பத்து. சின்ன மலைப்பழத்தில் அதைவிடக் குறைவு. தவிர, இழந்த குளோரைடு பழத்தில் போதுமான அளவு கிடைப்பதில்லை. அதனால்தான் பொட்டாசியம் குளோரைடு சிரப் தருகிறோம். ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களும், 'ஸ்பைரனோலாக்டோன்' சாப்பிடுகிறவர்களும் நாமே சிரப்பை ஊற்றிக்கொள்ளக் கூடாது. அவர்களுக்குப் பொட்டாசியம் ஏறுவதே ஆபத்து, இதயம் நின்றுவிடலாம்.

ஆகவே மாத்திரை தொடங்குமுன் ஒருமுறை, ஓரிரு வாரத்தில் மறுமுறை, அளவு மாற்றினாலோ வாந்தி பேதி வந்தாலோ உடனே, பிறகு சில மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கவேண்டும்.

"மலையிலேயே எடுத்து பஸ்ஸில் அனுப்பலாமா?" என்றாள் அவள், விடாமல். குலுங்கி ரத்த அணுக்கள் உடைந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் கசிந்து, 2.9 என்பது 3.8 என்று வந்துவிடலாம். பிரித்தெடுக்காத ரத்தத்தை ஐஸில் வைத்தாலும் கசியும். ஆளையே கீழே அழைத்து வரச் சொன்னேன்.