ஆணுக்கு 'க்ரப்', பெண்ணுக்கு 'கா'

தாய்லாந்து விமானத்தில் ஏறும்போதே பணிப்பெண்கள் கைகூப்பி 'ஸவத்தீ கா' என்பார்கள். பாங்காக்கில் இறங்கி விடுதிக்குப் போனால் வரவேற்பறையிலும் பெரும்பாலும் அதே குரல்தான். கேட்டுக் கேட்டு நம்மூர் ஆண்களும் பதிலுக்கு 'ஸவத்தீ கா' என்று கைகூப்புவார்கள். எதிரே இருப்பவர் புன்னகைப்பார், கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் அவர் காதில் விழுவது ஓர் ஆண் பெண்ணின் பேச்சைப் பேசுவதுபோல. ஆண் சொல்ல வேண்டியது 'ஸவத்தீ க்ரப்'.

'ஸவத்தீ' என்பதுதான் வணக்கம். சோழர் கல்வெட்டுகளின் தலையில் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்றிருக்குமே, அந்த 'ஸ்வஸ்தி'தான் இதற்கும் வேர். சுலலங்கோன் பல்கலைக்கழகத்தில் தாய் மொழிப் பேராசிரியராக இருந்த பிரயா உபகித் சில்பசான் 1930-களில் இதை வணக்கச் சொல்லாகப் புழக்கத்தில் விட்டார். 1943-இல் அரசு இதை நாடு முழுவதற்கும் உரிய வணக்கமாக்கியது. இந்தச் சொல் யார் சொன்னாலும் மாறாது. மாறுவது அதன் வால்.

அந்த வாலுக்குத் தனியே பொருள் கிடையாது. நாம் 'சரிங்க', 'சொல்லுங்க' என்கிறபோது ஒட்டிக்கொள்ளும் 'ங்க' மாதிரி, அது பேச்சுக்கு மரியாதை சேர்க்கிறது. ஆனால் நம் 'ங்க'வை ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே சொல்கிறோம். தாய் மொழியில் ஆண் சொன்னால் க்ரப், பெண் சொன்னால் கா. கேட்பவர் ஆணா பெண்ணா, அமைச்சரா ஆட்டோக்காரரா என்பதற்கு இதில் வேலையே இல்லை; பேசுபவர் யார் என்பதுதான் கணக்கு.

'க்ரப்' என்பது 'கோரப்' என்ற பழைய பணிவுச் சொல்லின் சுருக்கம். சரித்திர நாடகங்களில் இன்றும் முழு வடிவம் கேட்கும். செய்தி வாசிப்பவர் 'க்ரப்' என்று ரகரத்தைத் தெளிவாக உச்சரிப்பார்; தெருவில் அது 'கப்' என்று தேய்ந்திருக்கும்.

பெண்களின் 'கா'வில் இன்னொரு நுணுக்கம் உண்டு. தாய் மொழியில் குரலின் ஏற்ற இறக்கமே பொருளை மாற்றும். செய்தியாகச் சொல்லும்போது 'கா' மேலிருந்து கீழே இறங்கும். கேள்வியில் அது உயர்ந்த குரலிலேயே நிற்கும். ஆண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கேள்வியோ பதிலோ, ஒரே க்ரப்தான்.

ஒரு காபிக் கடையைப் பாருங்கள். கடைக்காரர் பெண், வந்தவர் ஆண். அவர் இறங்கு குரலில் 'ஸவத்தீ கா' என்கிறார், இவர் 'ஸவத்தீ க்ரப்' என்கிறார். 'ரப் அரய் கா?' என்று அவர் கேட்கும்போது 'கா' உயர்ந்துவிடுகிறது, 'என்ன வேணுங்க?' என்று பொருள். இவர் 'காஃபே யென்' என்று ஐஸ் காபி கேட்டு ஒரு க்ரப் சேர்க்கிறார். சர்க்கரை குறைவாகவா என்று அவர் கேட்க, இவர் வெறுமனே 'க்ரப்' என்கிறார். அதுவே 'ஆமாங்க' என்பதற்கு ஈடு. காசு கைமாறும்போது அவர் 'கோப் குன் கா', இவர் 'கோப் குன் க்ரப்' என்று நன்றி சொல்லிக்கொள்கிறார்கள்.

எழுத்தில் இந்த இரண்டு 'கா'வையும் பிரித்துக் காட்டுவது தலைக்கு மேல் நிற்கும் ஒரு சின்னக் கோடு. இறங்கு குரலுக்குக் கோடு உண்டு, கேள்விக்குக் கிடையாது. இதைத் தாய் மக்களே அடிக்கடி மாற்றி எழுதிவிடுவார்கள். கைபேசிச் செய்திகளில் இது பிரசித்தமான பிழை.

விதி இதுதான் என்றாலும் விலக்குகள் உண்டு. சிறு பையனிடம் பேசும் அம்மா தானே 'க்ரப்' போட்டுப் பேசுவார். அவன் சொல்ல வேண்டியதை அவன் வாய்க்குப் பழக்குகிறார். ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்பவர்கள் 'கா' என்றே சொல்கிறார்கள். வடக்கே சியாங்மாயில் பெண்கள் 'கா'வுக்குப் பதில் 'ஜாவ்' என்பார்கள். புத்த பிக்குகள் பொதுமக்களிடம் க்ரப் போடுவதில்லை. 'சரோன் போன்' என்று ஆசி கூறியே பதில் சொல்வார்கள். நெருங்கிய நண்பர்களுக்கிடையே இந்த வால் பெரும்பாலும் உதிர்ந்துபோகும். அங்கே திடீரென்று அது முளைத்தால் கேலி என்றோ கோபம் என்றோ எடுத்துக்கொள்வார்கள்.

பயணிக்கு இவ்வளவும் வேண்டியதில்லை. எதிரே இருப்பவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல், தன் பாலினத்தவர் சொல்வதைக் கேட்டுப் பழகினாலே போதும். ஆணாக இருந்தால் வரவேற்பறைப் பெண்ணை விட்டுவிட்டு, வாசலில் நிற்கும் காவலாளியைக் கவனியுங்கள்.