கோப்பில் இல்லாத எண்

அருணாசலேசுவரர் கோயில் கல்வெட்டுகளைப் பற்றிய ஓர் ஆய்வேட்டை எடுத்துக்கொள்வோம். சான்றுகள் பக்கத்தின் அடியிலும், நீண்ட விளக்கங்கள் ஏட்டின் கடைசியிலும் இருக்கின்றன. நெறியாளரோ இரண்டையும் சேர்த்து ஒவ்வோர் இயலின் முடிவிலும் 'சான்றெண் விளக்கம்' என்று ஒரே வரிசையாகக் கேட்கிறார். வேர்டில் அடிக்குறிப்பு அமைப்புப் பெட்டியைத் திறந்து Convert என்பதை அழுத்தினால் நூற்றுக்கணக்கான குறிப்புகளும் ஒரு நொடியில் இடம் மாறிவிடும்.

எப்படி? திரையில் தெரியும் 12 என்ற எண் கோப்பில் எழுதப்பட்டிருப்பதில்லை. அங்கே இருப்பது இவ்வளவுதான்:

```
<w:footnoteReference w:id="97"/>
```

97 என்பது குறிப்பின் உரையைத் தேடி எடுக்க உதவும் அடையாளம் மட்டுமே. இந்த இயலில் இது எத்தனையாவது குறி என்று எண்ணிப் பார்த்து, 12 என்பதை வேர்டு அவ்வப்போது கணக்கிட்டுக் காட்டுகிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதி 8-இல் திருவண்ணாமலைக் கல்வெட்டு ஒன்றுக்குத் தந்த எண் அதன் பெயரைப் போல நிலையானது. குறிப்பின் எண்ணோ அது நிற்கும் இடத்தைச் சொல்வது; முன்னால் ஒன்று நுழைந்தால் மாறிவிடும்.

'குறிப்பு 12 காண்க' என்று கையால் தட்டச்சு செய்தவை அதனால்தான் பொய்யாகின்றன. அவற்றை NOTEREF புலங்களாக, அதாவது குறுக்குக் குறிப்புகளாக, முதலிலேயே மாற்றிவிட வேண்டும். பிறகு Ctrl+A, F9 அழுத்தினால் எண்கள் புதுப்பிக்கப்படும். ஆனால் இது குறிப்புகளுக்குள் இருக்கும் புலங்களைத் தொடுவதில்லை. ஒரு குறிப்புக்குள் சொடுக்கி மறுபடியும் அதையே செய்ய வேண்டும். கடைசியில் Error! என்று தேடினால் அறுந்த இணைப்புகள் அகப்படும்.

இயல்களுக்கு இடையே பிரிவு முறிப்பு இட்டு, End of section, Restart each section ஆகியவற்றைத் தேர்ந்தால் ஒவ்வோர் இயலும் 1-இல் தொடங்கும். இறுதிக்குறிப்புகள் வழக்கமாக i, ii, iii என்று வருவதால் எண் வடிவத்தையும் மாற்ற வேண்டியிருக்கும்.

இவை எல்லாம் சரியாக அமைந்த பிறகும் ஒரு பிழை கண்ணில் படாமல் தங்கிவிடும். ஆய்வேட்டில் ராஜகோபுரம் பற்றிய சான்று 12, கல்வெட்டுத் தொகுதியைக் காட்டுவது. அதற்கு அடுத்த சான்று 'மேலது, ப. 45'. இரண்டுக்கும் நடுவே, மூன்றாம் வல்லாளன் திருவண்ணாமலையில் தங்கி ஆண்டதை விளக்கும் இறுதிக்குறிப்பின் குறி இருக்கிறது. வரிசைகள் ஒன்றானதும் அந்த விளக்கம் 13 ஆகிறது, 'மேலது' 14 ஆகிறது. எண்ணும் சரி, இணைப்பும் சரி. சான்று மட்டும் கல்வெட்டுத் தொகுதியை விட்டு வல்லாளனிடம் போய்விட்டது. 'மேலது' மென்பொருளுக்கு வெறும் மூன்று எழுத்து. அது எதைச் சுட்டுகிறது என்பது எழுதியவருக்குத்தான் தெரியும் என்பதால், Convert அழுத்துவதற்கு முன்பே 'மேலது' ஒவ்வொன்றையும் தேடி, அந்த இடத்தில் ஆசிரியர் பெயரையும் சுருக்கத் தலைப்பையும் எழுதிவிட வேண்டும். அழுத்திய பிறகு அந்தப் பழைய வரிசையைக் காண, முன்பே எடுத்துவைத்த படியைத்தான் திறக்க வேண்டியிருக்கும்.