வெள்ளெழுத்து: தசை தளரவில்லை, லென்ஸ்தான் இறுகியது

இதைக் கேட்டுக்கிட்டே ஒரு சின்ன வேலை செய்யுங்க. கொசுவலை அடிச்ச ஜன்னல் இருந்தா, அதுக்கு ஒரு சாண் தள்ளி நின்னு ஒரு கண்ணை மூடிக்கோங்க. முதல்ல வலையோட கம்பியைப் பாருங்க. வெளியே இருக்கிற மரம் கலங்கிப் போயிடும். இப்போ மரத்தைப் பாருங்க. வலை இருக்கிறதே தெரியாது. நீங்க நகரவும் இல்லை, தலையை அசைக்கவும் இல்லை. ஆனா ஒரு நொடிக்குள்ள கண்ணுக்குள்ள ஏதோ ஒண்ணு மாறியிருக்கு. இன்னைக்கு எபிசோட் அந்த ஒண்ணைப் பற்றித்தான்.

கேமராவில் ஃபோகஸ் மாற்றணும்னா லென்ஸ் முன்னும் பின்னும் நகரும். நம்ம கண் அப்படிச் செய்வதில்லை. அப்போ எது மாறுது? கண்ணின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கிற கார்னியா வளையுதா? விழியே கொஞ்சம் நீளுதா? உள்ளே இருக்கிற லென்ஸ் மாறுதா? 1801-இல் தாமஸ் யங் என்ற ஆங்கிலேயர் இதைத் தன் கண்ணை வைத்தே சோதித்துப் பார்த்தார். கண்ணை நீரில் முக்கினால் கார்னியா ஒளியை வளைக்கிற சக்தி கிட்டத்தட்ட இல்லாமல் போயிடும், ஏன்னா கார்னியாவுக்கும் தண்ணீருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தக் குறையை வெளியே ஒரு லென்ஸ் வைத்து ஈடுகட்டிவிட்டுப் பார்த்தால், அவரால் அப்பவும் கிட்டே, தூரே ஃபோகஸ் மாற்ற முடிந்தது. அப்போ கார்னியா காரணம் இல்லை. கண்புரைக்காக லென்ஸை எடுத்துவிட்டவர்களையும் சோதித்தார். அவர்களுக்கு அந்தத் திறன் இல்லை. ஆக, லென்ஸ்தான்.

எப்படி மாறுது என்பதை 1855-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கினார். இங்கேதான் பலரும் தலைகீழாக நினைக்கிறாங்க. கிட்டே பார்க்கும்போது தசை லென்ஸை இழுத்துப் பிடிக்குதுன்னு தோணும். நடப்பது நேர்மாறு.

லென்ஸைச் சுற்றி வளையம் மாதிரி ஒரு தசை இருக்கு, பேர் சிலியரி தசை. அந்த வளையத்திலிருந்து லென்ஸின் விளிம்புக்கு நூல் மாதிரி மெல்லிய நார்கள் நூற்றுக்கணக்கில் போகுது. தசை ஓய்வில் இருக்கும்போது வளையம் அகலமாக இருக்கும். நார்கள் விறைப்பாக நின்று லென்ஸை எல்லாப் பக்கமும் இழுத்துத் தட்டையாக்கும். அப்போ தூரத்துப் பொருள் தெளிவாகும். கிட்டே பார்க்கணும்னா தசை சுருங்கும். சுருக்குப் பையின் கயிற்றை இழுத்தா வாய் சிறிசாகும் இல்லையா, அதுபோல வளையம் சிறிசாகும். உடனே நார்கள் தொய்ந்து போகும். இழுப்பு விட்டதும் லென்ஸ் தானாகவே உருண்டு தடிமனாகும். தசை செய்வது பிடியைத் தளர்த்துவது மட்டும்தான். உருள்வது லென்ஸின் சொந்த மீள்தன்மையால்.

இதை மனசில் வெச்சுக்கோங்க, வயசாகும்போது என்ன நடக்குதுன்னு புரிந்துவிடும். லென்ஸ் வாழ்நாள் முழுக்க வளருது. வெளிப்பக்கம் புது செல்கள் அடுக்கடுக்காக வந்துகொண்டே இருக்கும், பழையவை உதிராது. தோலிலிருந்து உதிர வழி இருக்கு, மூடிய உறைக்குள் இருக்கிற லென்ஸுக்கு வழி இல்லை. அதனால் நடுவில் இருக்கிறவை நெருக்கப்பட்டு, புரதங்கள் மாறி, ஜெல்லி மாதிரி இருந்தது மெல்ல இறுகிப்போகுது. தானமாகக் கிடைத்த கண்களின் லென்ஸ்களை எடுத்து இழுத்தும் விட்டும் பார்த்திருக்காங்க. இளவயது லென்ஸ் இழுப்புக்கு ஏற்ப ஃபோகஸை மாற்றுது. 60 வயதைத் தாண்டியது கிட்டத்தட்ட எதுவுமே மாற்றுவதில்லை. அதேசமயம் எம்.ஆர்.ஐ.யில் பார்த்தால், வயசானவர்களின் சிலியரி தசை இன்னமும் சுருங்கத்தான் செய்யுது. பிடியைத் தளர்த்துற ஆள் அங்கேயே இருக்கார், லென்ஸ்தான் உருள மாட்டேங்குது.

என் சித்தியை எடுத்துக்குவோம். 46 வயசு, தூரப்பார்வை நன்றாக இருக்கு, தையல் வேலை. ஊசியில் நூல் கோர்க்க கையை நீட்டி நீட்டிப் பார்ப்பாங்க. பகல் வெளிச்சத்தில் முடியுது, சாயங்காலம் முடியலை. (வெளிச்சத்தில் பாப்பா சுருங்கும், அதனால் மங்கல் கொஞ்சம் குறையும்.) இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கு. ஒரு பொருளைப் பார்க்கத் தேவைப்படும் கூடுதல் சக்தி, 100-ஐ சென்டிமீட்டர் தூரத்தால் வகுத்தால் வரும். அதன் அலகு டயாப்டர். சித்தியின் லென்ஸுக்கு மிச்சம் இருப்பது சுமார் 4 டயாப்டர்னு வைப்போம், அதாவது 25 செ.மீ. வரை முக்கிப் பார்க்கலாம். ஆனா முழு சக்தியையும் மணிக்கணக்கில் யாராலும் செலவழிக்க முடியாது, பாதிதான் சௌகரியம். பாதி 2 டயாப்டர், அது 50 செ.மீ.க்குத்தான் போதும். ஊசி பிடிப்பது 30 செ.மீ.யில், அதற்கு 3.3 வேணும். பற்றாக்குறை 1.3. கண் டாக்டர் எழுதிக்கொடுத்தது +1.25. கணக்கு சரியாக வந்துவிட்டதா?

சித்தி அதைப் போடவே ஒரு வருஷம் யோசிச்சாங்க. "ஒருதடவை போட்டா பவர் ஏறிக்கிட்டே போகும்டா, கண்ணு சோம்பேறியாயிடும்" என்பது அவங்க பயம். பவர் ஏறும்தான். 55 வயசில் மிச்சம் ஒன்றரை டயாப்டர்தான் இருக்கும், அப்போ இதே ஊசிக்கு +2.5 வேண்டிவரும். அது கண்ணாடி போடாமல் இருந்தாலும் நடக்கும், ஏன்னா இறுகுவது லென்ஸ். கண் பயிற்சி வீடியோக்களும் இதனால்தான் பயன்படுவதில்லை. அவை தசையைப் பலப்படுத்துறதா சொல்லுது. தசை அங்கே பிரச்சினையே இல்லை.

நம்ம ஊரில் இதற்கு வெள்ளெழுத்துன்னு பேர். சாளேஸ்வரம்னும் சொல்வாங்க. இந்தியில் நாற்பதுக்கு சாலீஸ். வயசை நோய்க்குப் பேராக வைத்தவர் சரியாகத்தான் கவனிச்சிருக்கார்.

உங்களுக்கு இன்னும் நாற்பது ஆகலையா? நீங்களும் அளந்து பாருங்க. தூரக் கண்ணாடி போடுறவங்க அதைப் போட்டுக்கிட்டு, ஒரு கண்ணை மூடி, மாத்திரை அட்டையின் பொடி எழுத்தை மெல்லக் கிட்டே கொண்டு வாங்க. எழுத்து முதன்முதலில் கலங்கும் இடத்திலிருந்து கண் வரை ஸ்கேலில் அளங்க. கல்லூரி வயசில் சுமார் 10 செ.மீ. வரும், அதாவது 10 டயாப்டர். பத்து வயசுத் தம்பிக்கு இன்னும் கிட்டே வரும். உங்களுக்கு 20 செ.மீ.க்கு மேல் வந்தால், அது வெள்ளெழுத்தா இருக்க வாய்ப்பு குறைவு. கண்ணில் வேற குறை இருக்கலாம், டாக்டரிடம் காட்டிடுங்க. அதிலும் படிக்கும்போது தலைவலி வருதுன்னா தள்ளிப்போட வேண்டாம்.

கிட்டப்பார்வைக்காரங்களுக்கு மட்டும் ஒரு சலுகை. -2.5 கண்ணாடி போடுற ஒருத்தர் அதைக் கழற்றினால், லென்ஸ் ஒண்ணுமே செய்யாமல் 40 செ.மீ.யில் தெளிவாக இருக்கும். "எனக்கு அறுபதாச்சு, பேப்பரை கண்ணாடி இல்லாமலே படிக்கிறேன்" என்று பெருமையாகச் சொல்ற தாத்தாவிடம், கண்ணாடியைக் கழற்றிட்டு சுவர்க் காலண்டரில் தேதி என்னன்னு கேட்டுப் பாருங்க.

கண்புரை ஆபரேஷன் முடிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறாங்க: புது லென்ஸ் வெச்சாச்சு, தூரம் பளிச்சுன்னு தெரியுது, படிக்க மட்டும் எதுக்குக் கண்ணாடி? பெரும்பாலும் வைக்கப்படுவது ஒரே தூரத்துக்கு அமைத்த செயற்கை லென்ஸ். சிலியரி தசை பழையபடி சுருங்கும், நார்கள் தொய்யும், அந்த லென்ஸ் அசையாமல் அப்படியே இருக்கும்.