பதினைந்து நிமிடம் கேட்டு ஒரு மெயில்

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். ஒரு முக்கியமான விஷயமாகத் தங்களைச் சந்திக்க வேண்டும். எப்போது வரலாம் என்று உடனே பதில் அளிக்கவும்.”

முன்பின் தெரியாத மாணவரிடமிருந்து இப்படி ஒரு மெயில் வந்தால் பேராசிரியர் என்ன செய்வார்? யார் இவர், எந்தக் கல்லூரி, என்ன விஷயம், எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர்தான் திருப்பிக் கேட்க வேண்டும். வகுப்புக்குப் போகும் வழியில் செல்பேசியில் படிப்பவர், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார். மாலைக்குள் அதன் மேல் வேறு மெயில்கள் வந்து மூடிவிடும். திருப்பி எதுவும் கேட்காமல் ‘வாருங்கள்’ என்றோ ‘இப்போது முடியாது’ என்றோ அவர் சொல்லிவிடும்படி இருக்க வேண்டும் முதல் மெயில்.

எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவரை எடுத்துக்கொள்வோம். செங்கம் வட்டார நடுகற்களைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறார். வட்டெழுத்தில் பழகிய பேராசிரியர் ஒருவர் வேறொரு கல்லூரியில் இருக்கிறார். அவருக்கு மாணவி இப்படி எழுதலாம்:

சப்ஜெக்ட்: சந்திக்க நேரம் வேண்டி – செங்கம் நடுகற்கள், எம்.ஏ. ஆய்வேடு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் (கல்லூரிப் பெயர்) எம்.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவி. செங்கம் வட்டார நடுகற்களில் வரும் தொறுப்பூசல் செய்திகளைப் பற்றி ஆய்வேடு எழுதி வருகிறேன். தொல்லியல் துறை வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ நூலைப் படித்துவிட்டு, கற்களை நேரிலும் பார்த்தேன். இரண்டு கற்களில், நூலில் உள்ள பாடமும் எனக்குத் தெரியும் எழுத்தும் ஒத்துவரவில்லை. நீங்கள் வட்டெழுத்தில் பயிற்சி உள்ளவர் என்பதால் உங்களிடம் கேட்கலாம் என்று என் நெறியாளர் சொன்னார்.

இதைப் பற்றிப் பேசப் பதினைந்து நிமிடம் ஒதுக்க இயலுமா? அடுத்த வாரம் செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் பிற்பகல் 2 மணிக்கு மேல் என்னால் வர முடியும். வேறு நாள் உங்களுக்கு வசதி என்றாலும், தொலைபேசியில் பேசுவது எளிது என்றாலும் அப்படியே செய்கிறேன். இரண்டு கற்களின் படங்களை இணைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
(பெயர், வகுப்பு, கல்லூரி, கைப்பேசி எண்)

இந்த மெயிலுக்கு உயிர் அந்த இரண்டு கற்கள்தான். ‘நடுகற்களைப் பற்றித் தாங்கள் வழிகாட்ட வேண்டும்’ என்று எழுதியிருந்தால், ஒரு பருவப் பாடத்தையே நடத்தச் சொல்வதுபோல் இருந்திருக்கும். இங்கே மாணவி தன்னால் முடிந்தவரை போய், நின்றுபோன இடத்தைக் காட்டுகிறார். பதினைந்து நிமிடம் போதும் என்பதும் அதனால்தான் நம்பும்படி இருக்கிறது. சொந்தமாக எதையும் படிக்காமல் எழுதுபவருக்கு இப்படியொரு கேள்வியே எழாது. அவர் மெயில் எழுதுவதைச் சில நாள் தள்ளிப்போடுவது நல்லது.

நெறியாளரைப் பற்றிய வரி சின்னதுதான். ஆனால் நம் கல்லூரிகளில் அதற்கு எடை அதிகம். தன் நெறியாளருக்குத் தெரியாமல் வேறொரு பேராசிரியரிடம் போன மாணவர், பிறகு இரண்டு பக்கமும் பதில் சொல்ல வேண்டிவரும். முதலில் நெறியாளரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமலே ‘அவர் சொன்னார்’ என்று மட்டும் எழுதாதீர்கள். பேராசிரியர்கள் ஒருவருக்கொருவர் போன் செய்துகொள்பவர்கள்.

இனி தொனி. பள்ளியில் எழுதிப் பழகிய விடுப்பு விண்ணப்பத்தின் சாயல் பலரை விடுவதில்லை. ‘தங்கள் பொன்னான நேரத்தில்’, ‘தயவுகூர்ந்து’, ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி’ என்று பணிவு நீள்கிறது. கேட்க வந்தது கடைசி வரியில் ஒதுங்கி நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு குழைந்தவரே ‘நேரம் ஒதுக்கவும்’ என்று முடிப்பார். அது அலுவலகச் சுற்றறிக்கையின் குரல். ‘ஒதுக்க இயலுமா?’ என்று கேட்டால் மறுக்கவும் அவருக்கு இடம் இருக்கிறது. மரியாதைக்கு ‘மதிப்பிற்குரிய ஐயா’, ‘அம்மா’ என்ற விளி போதும். ஆங்கிலத்தில் எழுதினாலும் இந்த அமைப்பு மாறாது. ‘சார்’, ‘மேடம்’ என்பதில் தவறில்லை.

ஒரே மெயிலை ஐந்து பேராசிரியர்களுக்குச் சேர்த்து அனுப்புவதைப் போன்ற அபத்தம் வேறில்லை. மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஐந்து பேருமே விட்டுவிடுவார்கள்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் பொறுங்கள். விடைத்தாள் திருத்தும் காலம் என்றால் இன்னும் சில நாள் கூடலாம். பிறகு அதே மெயிலின் கீழேயே, ‘முந்தைய மெயிலை நினைவூட்ட எழுதுகிறேன், இந்த மாதத்தில் எந்த நாளானாலும் வருகிறேன்’ என்று இரண்டு வரி போதும். வாட்ஸ்அப் எண்ணைத் தேடிப்பிடித்து இரவில் செய்தி அனுப்ப வேண்டாம். நினைவூட்டலுக்கும் பதில் இல்லையென்றால், நெறியாளரிடம் வேறொருவர் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.